"கணக்கு வராது" என்பது எந்த வகுப்பில் தொடங்கியது?

"அக்கா, எனக்குப் பத்து வயதாக இருந்தபோது ஒரு டிசம்பர் மாதம் கோயம்புத்தூரிலிருந்து டர்பனுக்கு வந்தோம். ஜனவரியில் என்னைக் கிரேட் 6இல் சேர்த்தார்கள். அன்றிலிருந்து மெட்ரிக் வரை கணிதத்தில் 40ஐத் தாண்டியதே இல்லை. மெட்ரிக்கில் 33, ஆங்கிலத்தில் 74. இப்போது 23 வயது, சாட்ஸ்வொர்த்தில் ஒரு மருந்துக் கடையில் கல்லாவில் வேலை பார்க்கிறேன். பி.காம். சேரக் கணிதத்தை மறுபடி எழுதி 50 எடுக்க வேண்டும். புத்தகத்தைத் திறந்தாலே கை சில்லிட்டுப் போகிறது. எனக்குக் கணக்கு வராது என்பதுதானே உண்மை? ஏழு வருட மதிப்பெண் பொய் சொல்லுமா?"

மதிப்பெண் பொய் சொல்லவில்லை, தங்கச்சி. ஆனால் அது சொன்னது மிகக் கொஞ்சம். அந்தத் தாளில் நூற்றுக்கு 67 பங்கு கைவிட்டுப் போயிற்று என்பது மட்டும்தான் 33 என்ற எண்ணிலிருந்து தெரிகிறது. அந்த 67 எந்தெந்த வரியில், எந்தக் காரணத்தால் போயிற்று என்பது அந்த எண்ணில் இல்லை, விடைத்தாளில்தான் இருக்கிறது. ஏழு வருடமும் உங்கள் வீட்டில் எல்லோரும் எண்ணைப் பார்த்தார்கள், தாளைப் பார்த்தவர்கள் குறைவாகத்தான் இருந்திருப்பார்கள். டர்பனில் மெட்ரிக், அதாவது கிரேட் 12 இறுதித் தேர்வை மறுபடி எழுதுபவர்களுக்கு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மாலை வகுப்பு எடுத்துவருகிறேன். 30க்கும் 40க்கும் இடையே பல வருடம் நின்றுபோன ஒருவரின் விடைத்தாளை வரி வரியாகப் படித்தால், இழப்பில் பெரும்பகுதி மூன்று நான்கு தவறுகளிலிருந்தே வந்திருப்பதையும், அவை கிரேட் 12 பாடத்தில் பிறக்காமல் கிரேட் 5க்கும் 8க்கும் இடையில் பிறந்திருப்பதையும் நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். ஆகவே "எனக்குக் கணக்கு வருமா?" என்று கேட்பதை நிறுத்திவிட்டு, "எந்த வகுப்பில் எது விட்டுப்போயிற்று?" என்று கேட்கச் சொல்வேன். இரண்டாவது கேள்விக்கு விடை தேட முடியும்.

உங்கள் விஷயத்தில் முதல் தடயத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். தமிழ்நாட்டில் பள்ளி ஆண்டு ஜூனில் தொடங்குகிறது, இங்கே தென்னாப்பிரிக்காவில் ஜனவரியில். டிசம்பரில் கிளம்பிய நீங்கள் ஐந்தாம் வகுப்பில் பாதியைத்தான் படித்திருக்கிறீர்கள். அடுத்த மாதமே ஆறாம் வகுப்பில் உட்கார வைக்கப்பட்டீர்கள். பின்னங்கள் காலூன்றும் பருவம் அதுதான். வந்து சேர்ந்த இடத்தில் எழுத்து முறையும் வேறாக இருந்தது. தமிழ்நாட்டில் காற்புள்ளி 1,25,000 என்று ஆயிரத்தையும் லட்சத்தையும் பிரிக்கும். இங்கே பாடநூலிலும் வினாத்தாளிலும் அதே காற்புள்ளி தசமப் புள்ளியின் வேலையைச் செய்கிறது. மூன்றரை என்பதை 3,5 என்றும், ஏழரை விழுக்காட்டை 7,5% என்றும் அச்சிடுகிறார்கள். வரைபடத்தில் ஒரு புள்ளியைக் குறிக்க (2; 3) என்று அரைப்புள்ளி போடுவதும் இதனால்தான், ஏனெனில் காற்புள்ளி போட்டால் அது ஒரே எண்ணாகத் தோன்றிவிடும். சில கால்குலேட்டர்களோ புள்ளியைக் காட்டும். பத்து வயதுக் குழந்தைக்கு இதை யாராவது உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் அரை மணி நேர வேலை. யாரும் சொல்லவில்லையென்றால், மற்ற பிள்ளைகளுக்குப் புரிவது தனக்கு மட்டும் புரியவில்லை என்ற முடிவுக்கு அந்தக் குழந்தை வந்துவிடும்.

ஆங்கிலத்தில் 74 எடுத்ததும் உங்களுக்கு எதிராகவே வேலை செய்திருக்கிறது. கல்வி உளவியலாளர் ஹெர்பர்ட் மார்ஷ் 1986இல் விளக்கிய ஒன்று இங்கே பொருந்துகிறது. ஒரு பாடத்தில் தன் திறமையை மதிப்பிடும்போது நாம் மற்றவர்களோடு மட்டும் ஒப்பிடுவதில்லை. நம் சொந்த மதிப்பெண்களையே ஒன்றோடொன்று ஒப்பிடுகிறோம். மொழியில் நன்றாகச் செய்கிறவர், கணிதத்தில் தம்மைப் போலவே எடுத்த இன்னொருவரைவிடத் தம்மைக் கணிதத்தில் தாழ்வாக எண்ணுகிறார். 74க்குப் பக்கத்தில் 33 நிற்பதால்தான் அது பிறவிக் குறைபோலத் தெரிகிறது.

இனி தாளைப் படிப்பது எப்படி என்பதை ஒருவரின் தாளைக் கொண்டே சொல்கிறேன். ஃபீனிக்ஸ் பகுதியிலிருந்து வந்த இளைஞர் அவர், மின்வேலைக்குத் துணையாளாக இருந்தார். உங்களைப் போலவே "எனக்கு மண்டையில் ஏறாது, மிஸ்" என்றுதான் தொடங்கினார். பழைய மெட்ரிக் வினாத்தாள்களையும், மெமோ எனப்படும் அவற்றுக்கான விடைக் குறிப்புகளையும் அடிப்படைக் கல்வித் துறை தன் இணையதளத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. கணிதத்துக்கு உள்ள இரண்டு தாள்களில் முதல் தாள் ஒன்றை அவற்றிலிருந்து எடுத்து, மூன்று மணி நேரம் கொடுத்து எழுதச் சொன்னேன். 150க்கு 44 வந்தது. அந்த எண்ணை அவரிடம் சொல்வதற்கு முன், போன 106 மதிப்பெண்ணையும் அவரையே எண்ணச் சொன்னேன். ஒவ்வொரு இழப்புக்கும் பக்கத்தில் நான்கில் ஒரு குறிப்பு எழுத வேண்டும்: ஒன்றுமே எழுதாமல் விட்டது, பாடமே தெரியாதது, வழி சரியாக இருந்து நடுவில் சறுக்கியது, கேள்வியைத் தவறாக வாசித்தது. அன்று வந்த கணக்கு இது: வெறுமையாக விட்டதில் 38, பாடமே தெரியாததில் 26, வழியில் சறுக்கியதில் 34, தவறாக வாசித்ததில் 8.

அவர் முகம் மாறியது 26 என்ற எண்ணைப் பார்த்தபோதுதான். தாள் முழுவதும் தமக்குத் தெரியாது என்று நம்பி வந்தவர் அவர். உண்மையில் பாடம் தெரியாததால் போனது 150க்கு 26. மற்ற 80 மதிப்பெண்ணும் வேறு காரணங்களால் போயிருந்தன.

அந்த 34இன் உள்ளே போவோம், ஏனெனில் கிரேட் 5 முதல் 8 வரையிலான ஓட்டைகள் அங்கேதான் வெளியே தெரிகின்றன. ஒரு நீண்ட கணக்கின் நடுவில் அவர் x/2 + x/3 = 10 என்ற இடம் வரை சரியாக வந்திருந்தார். அடுத்த வரி 2x/5 = 10; அதற்கடுத்தது x = 25. மேலே இருப்பவற்றை மேலேயும் கீழே இருப்பவற்றைக் கீழேயும் கூட்டிவிட்டார். வேறொரு இடத்தில் 5 − 2(x − 3) = 7 என்பதை 5 − 2x − 6 = 7 என்று விரித்து x = −4 என்று முடித்திருந்தார்; அடைப்புக்குள் இருந்த கழித்தல் குறி, வெளியே இருந்த கழித்தலோடு பெருகிக் கூட்டலாக வேண்டியது, அப்படியே நின்றுவிட்டது. மூன்றாவதாக x(x − 5) = 6 என்ற சமன்பாட்டிலிருந்து x = 6 அல்லது x − 5 = 6 என்று எழுதி, 6, 11 என்ற இரண்டு விடை கொடுத்திருந்தார். தாள் முழுவதும் வெவ்வேறு உடையில் வந்துகொண்டிருந்தவை இந்த மூன்று தவறுகள்தான்.

முதல் தவறைத் திருத்த நான் கிரேட் 12 புத்தகத்தைத் தொடவே இல்லை. ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பித் தரும் பன்னி சௌவை டர்பனில் வாங்காதவர் யார்? கால் பன்னி ஒன்றும் அரை பன்னி ஒன்றும் வாங்கினால் மொத்தம் எவ்வளவு ரொட்டி என்று கேட்டேன். முக்கால் என்று உடனே சொன்னார். அதையே எண்ணாக எழுதி, அவர் தாளில் செய்திருந்த முறைப்படி கூட்டச் சொன்னேன்: 1/4 + 1/2 = 2/6, அதாவது மூன்றில் ஒரு பங்கு. அரை பன்னி தனியாகவே அதைவிடப் பெரியது. கூட்டிய பிறகு குறைந்துபோகிறது என்பதைக் கண்ணால் பார்த்த பிறகு, அந்த விதியைத் தவறு என்று நான் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு கைப்பொருள் இருக்கிறது. "முக்கால்" என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள்: மூன்று கால். காலையும் அரையையும் கூட்டும்போது அரையை இரண்டு கால் என்று மனம் மாற்றிக்கொள்கிறது. ஒரு காலும் இரண்டு காலும் மூன்று கால். பொதுப் பகுதி காண்பது என்று பள்ளியில் பெயர் சொல்லிப் பயமுறுத்திய வேலை இதுதான். இரண்டு அளவுகளையும் ஒரே பெயரால் அழைக்க முடிந்த பிறகே அவற்றை எண்ணிக் கூட்டலாம். அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று, காலில் பாதி. பின்னத்தைப் பின்னத்தால் பெருக்குவது அந்தச் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. உங்கள் பாட்டி பேசிய மொழியில் இருந்த கணக்கு இது, இதைச் சொல்லாமல் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. இப்போது x/2 + x/3க்குத் திரும்பினால், பாதியையும் மூன்றில் ஒன்றையும் ஆறில் ஒரு பங்குகளாகப் பெயர் மாற்றலாம்: 3x/6 + 2x/6 = 5x/6. அது 10 என்றால் x = 12. பன்னிரண்டின் பாதி 6, மூன்றில் ஒன்று 4, கூட்டினால் 10. சரி.

கடைசியில் செய்த அந்தச் சரிபார்ப்பைக் கவனியுங்கள். அவருடைய தவறான 25ஐ எடுத்துப் பாதி செய்திருந்தாலே 12,5 வந்திருக்கும், அதுவே பத்தைத் தாண்டிவிட்டது. பத்து விநாடியில் பிடிபட்டிருக்க வேண்டிய தவறு. அடைப்புக் கணக்கிலும் அப்படித்தான். x = −4 என்று வைத்தால் 5 − 2(−7), அதாவது 19 வருகிறது, 7 வரவில்லை; x = 2 என்று வைத்தால் 5 − 2(−1) = 7. மூன்றாவது கணக்கில் 11ஐ வைத்தால் 11 × 6 = 66. அங்கே 6 சரியான விடையாக அமைந்தது தற்செயல். இரண்டு எண்களின் பெருக்கல் பூச்சியமானால்தான் அவற்றில் ஒன்று பூச்சியமாகியே தீர வேண்டும். பெருக்கல் 6 என்றால் 2 × 3 ஆகலாம், 1 × 6 ஆகலாம், 12 × ½ ஆகலாம், எதுவும் கட்டாயமில்லை. ஆகவே எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து x² − 5x − 6 = 0 என்று பூச்சியத்துக்குச் சமமாக்கிய பிறகே (x − 6)(x + 1) = 0 என்று பிரித்து, 6, −1 என்ற விடைகளுக்குப் போக வேண்டும். அந்த "= 0" எதற்காக அங்கே நிற்கிறது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. ஆசிரியர் எழுதுகிறார், நாமும் எழுதுகிறோம் என்ற அளவில் அது ஓர் அலங்காரமாகவே இருந்துவந்தது.

எளிதாக இருந்தும் ஏன் அவர் ஒரு தடவைகூட விடையைச் சரிபார்க்கவில்லை? கேட்டேன். "எப்படியும் தப்பாகத்தான் இருக்கும், பார்த்தால் இன்னும் பயம் வரும்" என்றார். கணக்கு வராது என்ற நம்பிக்கை மதிப்பெண்ணைத் தின்பது இந்த வழியில்தான். தன் விடை சரியாக இருக்கக்கூடும் என்று எண்ணுகிறவர் மட்டுமே அதைச் சோதிப்பார். எண்ணாதவர் சோதிப்பதில்லை, சோதிக்காததால் தவறு நிற்கிறது, நின்ற தவறு மதிப்பெண்ணாக வந்து நம்பிக்கையை உறுதி செய்கிறது.

வெறுமையாக விட்ட 38க்கும் இதே காரணம்தான். மெட்ரிக் கணித மெமோக்களின் முதல் பக்கத்திலேயே திருத்துகிறவர்களுக்கான சில விதிகள் இருக்கின்றன; மாணவர்கள் அவற்றைப் படிப்பதே இல்லை. ஒரு வரியில் தவறு செய்துவிட்டு, அந்தத் தவறான எண்ணை வைத்து மேற்கொண்டு சரியான முறையில் போனால், பின்வரும் படிகளுக்கு மதிப்பெண் உண்டு. அந்தத் தவறால் கேள்வியே மிக எளிதாகிவிட்டால் மட்டும் அது கிடைக்காது. இன்னொரு விதி: எழுதியதை அடித்துவிட்டு மறுபடி எழுதாமல் விட்டால், அடித்ததையே திருத்த வேண்டும். அந்த இளைஞர் இரண்டு கணக்குகளில் எழுதியதைப் பேனாவால் கிறுக்கி, வாசிக்கவே முடியாதபடி மறைத்திருந்தார். கிறுக்கலின் அடியில் முதல் இரண்டு வரியும் சரியாக இருந்தன. ஒரே கோடாக அடித்திருந்தால் திருத்துபவர் வாசித்து மதிப்பெண் கொடுத்திருப்பார்.

கை சில்லிடுவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அது கற்பனையன்று, அதற்கு ஒரு பொறிமுறை இருக்கிறது. மார்க் ஆஷ்கிராஃப்ட், எலிசபெத் கர்க் ஆகிய இருவர் 2001இல் வெளியிட்ட ஆய்வில், கணிதப் பயம் மிகுந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் கூட்டல் கணக்குகளைக் கொடுத்தார்கள். சிலவற்றில் கணக்கைச் செய்துகொண்டே ஒரு வரிசை எழுத்துகளையும் மனத்தில் வைத்திருக்க வேண்டும். இரண்டு சுமையும் சேர்ந்தபோது, முக்கியமாக எடுத்துச் செல்லும் எண் உள்ள கூட்டலில், பயம் மிகுந்தவர்கள் அதிகமாகத் தடுமாறினார்கள். நடுவழி எண்களைத் தாங்கிப் பிடித்திருக்கும் செயல்நினைவின் இடத்தைக் கவலையும் எடுத்துக்கொள்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். இதிலிருந்து உங்களுக்குக் கிடைக்கும் கைவேலை எளிமையானது: மனத்தில் எதையும் தூக்கிச் செல்லாதீர்கள். ஒரு வரியில் ஒரே ஒரு மாற்றம் செய்து எழுதுங்கள். அடைப்பை விரிப்பது ஒரு வரி, ஒத்தவற்றைச் சேர்ப்பது அடுத்த வரி. "கெட்டிக்காரர்கள் மூன்று வரியில் முடிக்கிறார்கள்" என்று வெட்கப்பட்டு வரிகளைச் சுருக்குகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இடம் குறைந்த மேசையில் இன்னும் சாமான் வைப்பதைப் போன்றது அது.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. முதல் ஞாயிறு ஒரு பழைய முதல் தாளை எழுதுங்கள். கடிகாரம் பயமூட்டினால் ஒன்றரை மணி நேரமாக இரண்டு நாளில் எழுதலாம். அடுத்த நாள் மெமோவை வைத்து, மேலே சொன்ன நான்கு குறிப்புகளைப் போடுங்கள். சறுக்கிய இடங்களை மட்டும் தனித்தாளில் பெயர்த்தெழுதி, ஒவ்வொன்றும் எந்த வகுப்பு வேலை என்று பக்கத்தில் குறியுங்கள். கிரேட் 7, 8 புத்தகம் ஒன்று கையில் இருந்தால் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். மிகக் கீழே இருக்கும் வகுப்பிலிருந்து வேலையைத் தொடங்குங்கள். 23 வயதில் கிரேட் 6 புத்தகத்தைத் திறப்பது கூச்சமாக இருக்கும் என்று அறிவேன். ஆனால் ஒரு பெரியவருக்கு அந்தப் பாடம் ஒரு வருடம் ஆகாது, பின்னத்துக்கு இரண்டு மூன்று வாரம் போதும், கழித்தல் எண்ணுக்கும் அடைப்புக்கும் இன்னொரு இரண்டு வாரம்.

நாளொன்றுக்கு முப்பத்தைந்து நிமிடம், பத்துக் கணக்கு. ஒரே வகைக் கணக்கைப் பத்து தடவை செய்யாதீர்கள். மூன்றாவது கணக்குக்குப் பிறகு கை தானாக ஓடும், அதைப் புரிதல் என்று எண்ணிவிடுவோம். பின்னம், அடைப்பு, சமன்பாடு என்று கலந்து வையுங்கள், எந்த முறை எங்கே என்று தேர்ந்தெடுப்பதுதான் தேர்வில் கேட்கப்படுவது. மூன்று வெவ்வேறு நாளில், கலந்த பத்தில் ஒன்பது சரியாக வந்தால் அந்தப் படி சரியாகிவிட்டது என்று கொள்ளலாம்.

இதோடு ஒரு சிறிய குறிப்பேடு. கணக்குகளைத் தொடங்கும் முன், பத்தில் எத்தனை சரியாக வரும் என்று உங்கள் கணிப்பை எழுதுங்கள்; முடித்த பிறகு வந்ததை அதன் பக்கத்தில் எழுதுங்கள். அந்த இளைஞரின் குறிப்பேட்டில் முதல் வாரம் முழுவதும் கணிப்பு 2, 3 என்றே இருந்தது. வந்ததோ 6, 7. இரண்டாம் வாரமும் அவர் 3 என்றே எழுதினார். எட்டு வாரம் கழித்து இன்னொரு முழுத் தாளில் 68 வந்தபோது, "இது ஈசி பேப்பர், மிஸ்" என்றார். மதிப்பெண் ஏறினால் நம்பிக்கை தானாக மாறிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி நடப்பதில்லை. குறைந்தால் அது தம் இயல்பு, ஏறினால் அது தாளின் கருணை என்று கணக்கு எழுதி வைத்திருப்பார்கள். ஆகவே அவரிடம் முதலில் 44 எடுத்த அதே தாளின் சறுக்கிய கணக்குகளைத் திரும்பக் கொடுத்து, பழைய விடைத்தாளை எதிரே விரித்து, "இந்த வரியில் இவர் என்ன தவறு செய்தார் என்று எனக்குச் சொல்லுங்கள்" என்றேன். பென்சிலை எடுத்து ஒவ்வொன்றாகக் காட்டினார். தாள் ஈசி என்று சொல்ல அங்கே வழியில்லை, அதே தாள் அது. ஐந்து மாதம் கழித்து வேறொரு முழுத் தாளில் 83 எடுத்தார், நூற்றுக்கு 55. அவர் கணிப்பு 80.

குறிப்பேட்டில் இதற்கு மாறானதும் நடக்கலாம். கணிப்பு 8, வந்தது 4 என்று தொடர்ந்து இருந்தால், காணொளியிலோ மெமோவிலோ பார்த்துப் புரிந்ததைத் தெரிந்தது என்று எண்ணுகிறீர்கள் என்று பொருள். பார்த்த கணக்கை மூடிவைத்து, மறுநாள் வெறுந்தாளில் செய்து பாருங்கள். வந்தால்தான் அது உங்களுடையது.

உண்மையிலேயே எண்களைக் கையாள்வதில் பிறவியிலேயே இடர்ப்படுபவர்களும் இருக்கிறார்கள். டிஸ்கால்குலியா என்று அதற்குப் பெயர். சிறு வயது முதலே, நன்றாகச் சொல்லிக் கொடுத்தும், இரண்டு எண்களில் எது பெரியது என்று சொல்லத் தயங்குவது, 7 + 5 போன்றவற்றை வளர்ந்த பிறகும் விரல் விட்டு எண்ணுவது, முள் கடிகாரத்தில் நேரம் பார்ப்பதும் சில்லறை கொடுப்பதும் தொடர்ந்து சிக்கலாவது இவை அதன் அடையாளங்கள். நீங்கள் கல்லாவில் உட்கார்ந்து நாள் முழுவதும் சில்லறை கொடுக்கிறீர்கள், ஆகவே எனக்கு அந்த எண்ணம் எழவில்லை. ஆனாலும் எட்டு வாரம் ஒழுங்காகச் செய்த பிறகும் கிரேட் 6 பின்னங்களிலேயே பத்தில் நான்கைத் தாண்டவில்லையென்றால், கல்வி உளவியலாளர் ஒருவரிடம் சோதித்துக்கொள்ளுங்கள். தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் உண்டு, அவற்றுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.

50 என்ற இலக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். மெட்ரிக் கணிதத் தாள் நான்கு வகைக் கேள்விகளால் அமைக்கப்படுகிறது: நேரடியாகத் தெரிந்திருக்க வேண்டியவை சுமார் 20 விழுக்காடு, வழக்கமான முறையில் செய்பவை 35, பல படிகள் கொண்ட சிக்கலானவை 30, புதிதாகச் சிந்திக்க வேண்டியவை 15. முதல் இரண்டும் சேர்ந்தால் 55. கணிதத்தில் பிறவிப் புலமை வேண்டியது கடைசி 15இல்தான் என்று யாராவது வாதிட்டால்கூட, உங்கள் 50 அதற்கு வெளியே இருக்கிறது. ஆனால் அந்த 55இலும் சிறு சறுக்கல்கள் இருந்தால் அது 40க்கு இறங்கிவிடும், அதனால்தான் அடித்தளத்துக்கு இவ்வளவு நேரம் கேட்கிறேன். முதல் தாளின் 150 மதிப்பெண்ணில் இயற்கணிதம் ஏறத்தாழ 25, சார்புகள் 35, வகையிடல் 35, எண் தொடர்கள் 25, நிதிக் கணக்கு 15, நிகழ்தகவு 15. இந்த வரிசையிலேயே போகலாம்; நிதிக் கணக்கை மட்டும் சற்று முன்னால் எடுத்துக்கொள்ளுங்கள், பி.காம். படிக்கப் போகிறீர்கள், கடையில் விலையும் தள்ளுபடியும் பார்த்துப் பழகியவர், அது உங்களுக்குச் சீக்கிரம் பிடிபடும். இரண்டாம் தாளில் யூக்ளிட் வடிவியல்தான் பலருக்கு இழுக்கும். புள்ளியியலையும் ஆயத்தொலை வடிவியலையும் முதலில் முடித்துவிட்டு அதற்கு வாருங்கள்.

மறுதேர்வு மே, ஜூனிலும் எழுதலாம், ஆண்டு இறுதியிலும் எழுதலாம். பதிவு செய்யும் காலம் தேர்வுக்குப் பல மாதம் முன்பே முடிந்துவிடும் என்பதால் துறையின் மாவட்ட அலுவலகத்தில் இப்போதே கேட்டு வையுங்கள். உங்கள் நிலையில் நான் ஆண்டு இறுதித் தேர்வையே தேர்ந்தெடுப்பேன்: கீழ்ப்படிகளுக்கு எட்டு முதல் பத்து வாரம், பிறகு முதல் தாளுக்கு மூன்று மாதம், இரண்டாம் தாளுக்கு மூன்று மாதம். ஜூனுக்காக அவசரப்பட்டுப் பின்னத்தைத் தாண்டிக் குதித்தால், பத்து வயதில் ஜனவரி மாதம் நடந்ததே இன்னொரு முறை நடக்கும். முதல் ஞாயிறு எழுதும் தாளைத் திருத்தி, நான்கு குறிப்புகளின் கூட்டலையும் சறுக்கிய வரிகளையும் எனக்கு அனுப்புங்கள். எந்தப் படியிலிருந்து தொடங்குவது என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.